ரெண்டாவது ரிவ்யூவருக்கு நன்றி சொல்றது எப்படி?

"சார், வணக்கம். நான் திருவாரூர் பக்கம், வேளாண்மையில பிஎச்டி பண்றேன். போன குறுவையில காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி விட்ட 3 வயல், எப்பவும் போல தண்ணி தேக்கி வெச்ச 3 வயல், ஆறும் வேற வேற ஊர், வேற வேற விவசாயி, ஒரே ரகம். வயலுக்கு 5 இடத்துல ஒரு சதுர மீட்டர் சட்டம் போட்டு அறுத்து மகசூல் எடுத்தேன். வயல் சராசரி ஹெக்டேருக்கு: காய்ச்சல் பாய்ச்சல் 5.2, 6.0, 5.9 டன். தேக்கினது 5.5, 5.5, 4.9 டன். 0.4 டன் அதிகம், பி வேல்யூ 0.02ன்னு எழுதி ஜர்னலுக்கு அனுப்புனோம். ரெண்டாவது ரிவ்யூவர், உங்ககிட்ட இருக்கறது 15 இல்ல, 3 தான், இந்த முடிவு நிக்காதுன்னு எழுதிட்டார். மேஜர் ரிவிஷன். மொதல்ல அழுகைதான் வந்துச்சு, அப்புறம் யோசிச்சா அவர் சொல்றது சரின்னு தோணுது, அவருக்கு மனசார நன்றி சொல்லணும். கைடு சார் ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் கீழ 'உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி'ன்னு போட்டா போதும்ங்கறார். சீனியர் அக்கா, அந்த ரிவ்யூவர் யாருன்னு எனக்குத் தெரியும், அடுத்த மாசம் தஞ்சாவூர் கருத்தரங்குக்கு வர்றார், பழத்தட்டோட போய் பாத்துட்டு வாங்கறாங்க. பேப்பர்ல நன்றி பகுதியில அவர் பேரைப் போடலாமா? கமெண்ட் ஃபைலையும் இணைச்சிருக்கேன்."

வணக்கம்மா. மொதல்ல பழத்தட்டை எடுத்து ஓரமா வெச்சிடுங்க, அது பத்தி பேசிட்டு மத்ததுக்கு வர்றேன்.

நம்ம ஊர்ல யாராவது நமக்கு நல்லது பண்ணா நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றதுதான் மரியாதை, போன்ல சொன்னா கூட குறைச்சல்னு நெனப்போம், அதுனால அக்கா சொன்னது கெட்ட எண்ணத்துல இல்ல. ஆனா உங்க பேப்பர் இன்னும் முடியல. மேஜர் ரிவிஷன்னா நீங்க திருத்தி அனுப்புனதும் பெரும்பாலும் அதே ரிவ்யூவர்கிட்டதான் எடிட்டர் திருப்பி அனுப்புவார், அவர்தான் சரியா திருத்தியிருக்கா இல்லையான்னு சொல்லணும். அந்த நெலமையில நீங்க போய் தட்டோட நின்னா அந்த மனுஷன் என்ன பண்ணுவார்னு யோசிங்க. ஆமாம் நான்தான்னு சொல்ல முடியாது, ஜர்னலுக்கு ரகசியம் காக்கறேன்னு ஒத்துக்கிட்டுதான் படிச்சிருக்கார். இல்லைன்னு சொன்னா பொய். நேர்மையான ஆளா இருந்தா அன்னைக்கு ராத்திரியே எடிட்டருக்கு "பேப்பர் எழுதுனவங்க என்னைய வந்து பாத்தாங்க"ன்னு மெயில் போட்டுட்டு விலகிக்குவார், அப்ப உங்களுக்கு புதுசா ஒரு ரிவ்யூவர், புதுசா ஒரு கமெண்ட் மூட்டை. பதிப்பு நெறிமுறைகள் பத்தி பேசற கோப்னு ஒரு சர்வதேச அமைப்பு இருக்கு, அவங்க ரிவ்யூவர்களுக்கு சொல்ற வழிகாட்டுதல்லயே ஜர்னல் அனுமதி இல்லாம ஆசிரியரை நேரடியா தொடர்பு கொள்ளாதீங்கன்னு இருக்கு. அவருக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கறப்ப நாம அதை ஒடைக்க வெக்கக் கூடாது இல்லையா.

இன்னொன்னு, அக்காவோட ஊகம் தப்பா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. நான் ஒரு வேளாண் ஜர்னல்ல ரொம்ப வருஷம் எடிட்டர் வேலை பாத்தவன், "ரிவ்யூவர் யாருன்னு எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு"ன்னு எழுதுற ஆசிரியர்களை நெறைய பாத்திருக்கேன், அதுல பாதிப் பேர் சொல்ற பேருக்கும் அந்த பேப்பருக்கும் சம்மந்தமே இருக்காது. காய்ச்சல் பாய்ச்சல் பத்தி எழுதுனா தமிழ்நாட்டுல நாலு பேருதான் பாப்பாங்கன்னு நெனக்கறீங்க, எடிட்டர் அதை ஒடிசாவுக்கோ பிலிப்பைன்ஸுக்கோ கூட அனுப்பியிருக்கலாம், இல்லன்னா நெல்லே தெரியாத ஒரு புள்ளியியல்காரருக்கு அனுப்பியிருக்கலாம் (உங்க கமெண்ட் ஃபைல படிச்சா எனக்கு அப்படித்தான் தோணுது, ஆனா நானும் ஊகிக்கக் கூடாது, விடுங்க). கருத்தரங்குல அவரைப் பாத்தா வணக்கம் வெச்சு அவரோட பேச்சு பத்தி கேளுங்க, இந்த பேப்பர் பத்தி மூச்சு விடாதீங்க. அவ்வளவுதான்.

சரி, அப்ப நன்றிய எங்க சொல்றது? ரெஸ்பான்ஸ் லெட்டர்லதான். அதுதான் எடிட்டர் வழியா அவர் கைக்குப் போற ஒரே காகிதம். அதுல கைடு சார் சொல்ற மாதிரி ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் கீழ "மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி"ன்னு போட்டா தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா யாரும் படிக்க மாட்டாங்க. உங்க ஃபைல்ல ரெண்டு ரிவ்யூவருக்கும் சேத்து 19 கமெண்ட் இருக்கு, 19 தடவை அதே வரி வந்தா மூணாவதுக்கு அப்புறம் கண்ணு தானா தாண்டிப் போயிடும். அதுலயும் "அட்டவணை 2ல எழுத்துப்பிழை"ங்கற கமெண்ட்டுக்கும் அதே நன்றி, "உங்க முடிவே நிக்காது"ங்கற கமெண்ட்டுக்கும் அதே நன்றின்னா, எந்த கமெண்ட் உங்களுக்கு உறைச்சுதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? ரிவ்யூவர் சம்பளம் வாங்காம ராத்திரி ஒக்காந்து படிக்கிறவர். நாம சொன்னது இவங்களுக்குப் புரிஞ்சுதா, பேப்பர் மாறிச்சா, இந்த ரெண்டைத்தான் அவர் தேடுவார். அதுனால நன்றிய ஆரம்பத்துல ஒரே பத்தியா சொல்லுங்க, எந்த கமெண்ட் பேப்பர்ல எதை மாத்துச்சுன்னு பேரு சொல்லி சொல்லுங்க, கீழ ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் வேலையை மட்டும் காட்டுங்க.

அப்படி எழுதணும்னா மொதல்ல அவர் சொன்னது உங்களுக்கே முழுசா புரிஞ்சிருக்கணும். "சரின்னு தோணுது"ன்னு எழுதியிருக்கீங்க, தோணுனா பத்தாது, கணக்கு போட்டுப் பாத்துடணும்.

நீங்க தண்ணி விட்ட முறைய மாத்துனது வயலுக்கு வயல்தான், சட்டத்துக்கு சட்டம் இல்ல. ஒரு வயலுக்குள்ள போட்ட 5 சட்டத்துக்கும் ஒரே மண்ணு, ஒரே வடிகால், ஒரே நாத்தங்கால், ஒரே விவசாயியோட உரக் கை. அந்த அஞ்சும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போறதுல ஆச்சரியம் இல்ல. ஒரே அண்டாவுல இருந்து அஞ்சு கரண்டி சாம்பார் ருசி பாத்துட்டு அஞ்சு கல்யாணத்துல சாப்பிட்டேன்னு சொல்ல முடியுமா? 1984ல ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட்ங்கற சூழலியலாளர் இந்தப் பழக்கத்துக்கு சூடோரெப்ளிகேஷன்னு பேரு வெச்சார், அன்னையில இருந்து ரிவ்யூவர்கள் இதைச் சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க, நாமளும் பண்ணிக்கிட்டேதான் இருக்கோம். அதுனால இது உங்க ஒருத்தர் குறைன்னு மனசு ஒடைய வேண்டாம்.

நீங்க 15ன்னு 15ன்னு வெச்சு போட்டதுல 0.02 வந்துச்சு. இப்ப வயலுக்கு ஒரு சராசரின்னு எடுத்து 3ன்னு 3ன்னு போடுங்க. நீங்க ஆர் மென்பொருள்லதான் பண்றீங்கன்னா ஒரே வரி:

```r
t.test(c(5.2, 6.0, 5.9), c(5.5, 5.5, 4.9), var.equal = TRUE)
```

நான் போட்டுப் பாத்தேன். வித்தியாசம் அதே 0.4 டன்தான், அது மாறல. ஆனா டி மதிப்பு 1.24, பி வேல்யூ 0.28. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி பாத்தா 0.5 டன் குறைச்சல்ல இருந்து 1.3 டன் அதிகம் வரைக்கும் போகுது. அதாவது காய்ச்சல் பாய்ச்சல்ல ஏக்கருக்கு 160 கிலோ, அறுபது கிலோ மூட்டைக்கு ரெண்டரைக்கு மேல, கூட வரும்னு நீங்க எழுதுனீங்களே, உங்க தரவை வெச்சுப் பாத்தா கூடவும் வரலாம், குறையவும் செய்யலாம், ரெண்டுமே பொருந்தும். இன்னொரு விஷயம் பாருங்க. தேக்கின வயல்ல 4.9 வந்த அந்த ஒண்ணை மட்டும் எடுத்துட்டா மீதி ரெண்டும் 5.5, வித்தியாசம் 0.2 டன்னா பாதியா போயிடுது. அந்த வயல் எந்த ஊர்னு நீங்க எழுதல, கடைமடையா இருந்து வடிகால் சரியில்லாத இடமா இருந்தா உங்க மொத்த முடிவுல பாதி அந்த ஒரு விவசாயியோட வடிகால் பிரச்சினைதான். அதுக்காக அந்த வயலை தூக்கிடாதீங்க, அது இன்னொரு தப்பு. அந்த வயல் பத்தி தெரிஞ்சதை எழுதிடுங்க.

வயலை ரேண்டம் எஃபெக்ட்டா வெச்சு மிக்ஸட் மாடல் போடலாமேன்னு யாராவது சொல்லுவாங்க. போடலாம், உங்களை மாதிரி வயலுக்கு சரியா 5ன்னு சமமா இருக்கற தரவுல அதுவும் கிட்டத்தட்ட இதே பதிலைத்தான் தரும். மாடல் பேரு பெருசா இருக்குங்கறதுக்காக 3 வயல் 15 ஆயிடாது.

இப்ப பாருங்க, அந்த ரிவ்யூவர் உங்களுக்கு என்ன பண்ணியிருக்கார்னு. 0.02ன்னு அச்சாகியிருந்தா நாளைக்கு யாராவது ஒரு அதிகாரி அதை எடுத்து பிரசுரத்துல "மகசூல் கூடும்"னு போட்டு கூட்டத்துல சொல்லியிருப்பார், ஒரு விவசாயி நம்பிப் பண்ணி வராம போயிருந்தா அந்தப் பேச்சு உங்க பேர்லதான் நின்னுருக்கும். நன்றியில இதைத்தான் சொல்லணும். லெட்டர் இங்கிலீஷ்லதான் போகும், நான் தமிழ்ல எழுதித் தர்றேன், நீங்க உங்க நடையில மாத்திக்குங்க:

"ரிவ்யூவர் 2 அவர்களுக்கு நன்றி. அவருடைய முதல் கருத்து எங்கள் ஆய்வின் மைய முடிவை மாற்றியது. தண்ணீர் முறை வயல் அளவில் மாற்றப்பட்டது, ஆனால் நாங்கள் வயலுக்குள் எடுத்த மாதிரிகளைத் தனித்தனி வயல்கள் போலக் கணக்கிட்டிருந்தோம். வயல் சராசரியை அலகாக வைத்து மறுபடி கணக்கிட்டதில் மகசூல் வித்தியாசம் 0.4 டன், 95 சதவீத இடைவெளி −0.5 முதல் 1.3 வரை. எனவே மகசூல் கூடுகிறது என்ற கூற்றை சுருக்கம், முடிவுரை, தலைப்பு மூன்றிலிருந்தும் நீக்கியுள்ளோம்."

அஞ்சு வரி. இதுல "மதிப்புமிக்க", "ஆழ்ந்த", "பொன்னான நேரத்தை ஒதுக்கி" எதுவும் இல்ல, ஆனா படிக்கிற ரிவ்யூவருக்கு நாம எழுதுனது வீண் போகலன்னு உடனே தெரியும். நான் ரிவ்யூவரா ஒக்காந்திருந்தா தலைப்பு கூட மாறியிருக்குங்கற வரிய பாத்ததும் கீழ இருக்கற சின்ன சின்ன விஷயத்துல ரொம்ப நோண்ட மாட்டேன், உண்மையா சொல்றேன்.

ஆனா ஒண்ணு, நீக்கிட்டோம்னு சொன்னா நீக்கியிருக்கணும். நெறைய பேர் ரிசல்ட்ஸ்ல மாத்திட்டு சுருக்கத்துல பழைய வரியவே விட்டுடுவாங்க, இல்ல "புள்ளியியல் அளவில் உறுதியாகாவிட்டாலும் மகசூல் கூடும் போக்கு தெளிவாகத் தெரிந்தது"ன்னு பின்வாசல் வழியா உள்ள கொண்டு வருவாங்க. நன்றி சொன்ன கையோட அதைப் பண்ணா அந்த நன்றி கிண்டல் மாதிரி ஆயிடும், ரிவ்யூவருக்கு வர்ற கோவத்துக்கு இது மாதிரி வேற காரணமே தேவையில்ல. அனுப்புறதுக்கு முன்னாடி "அதிக", "கூடுதல்", "உயர்"னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தைய ஃபைல் முழுக்க தேடிப் பாருங்க, எங்கெல்லாம் மகசூலோட சேந்து வருதோ அங்கெல்லாம் நின்னு படிங்க.

அப்ப பேப்பர்ல மிச்சம் என்ன இருக்குன்னு பயப்பட வேண்டாம். மகசூல் குறைஞ்சுபோகலன்னு கூட இதை வெச்சு நிரூபிக்க முடியாதுதான், அந்த இடைவெளில அரை டன் குறைச்சலும் இருக்கே. ஆனா ஆறு வயல்ல எத்தனை தடவை தண்ணி கட்டுனாங்க, எத்தனை நாள் வயல் குழாயில தண்ணி மட்டம் கீழ போச்சு, விவசாயிங்க எந்த இடத்துல பயந்து முறைய விட்டாங்கன்னு நீங்க எழுதியிருக்கற பகுதி நல்லா இருக்கு, மகசூல் பகட்டு போனதும் அது வெளிய தெரியும்.

அடுத்து நாலாவது கமெண்ட். "பூக்கும் பருவத்துல தண்ணி காய விட்டீங்களா? விட்டிருந்தா மகசூல் ஒப்பீடே தப்பு"ன்னு கேட்டிருக்கார். அதுக்கு உங்க வரைவு பதில்ல "பக்கம் 6ல தெளிவாகக் குறிப்பிட்டுள்ளபடி"ன்னு ஆரம்பிச்சிருக்கீங்க. பக்கம் 6ஐ நான் படிச்சேன், "பரிந்துரைக்கப்பட்ட முறைப்படி"ன்னு மட்டும்தான் இருக்கு. வயல் குழாய் வெச்சு மட்டம் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழ போனதும் திரும்ப பாய்ச்சறது, பூ வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடில இருந்து ஒரு வாரம் பின்னாடி வரைக்கும் மட்டும் 5 சென்டிமீட்டர் தண்ணி தேக்கி வெக்கறது, இதுதான் பரிந்துரைன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும், படிக்கறவருக்குத் தெரியணும்னு இல்ல. அவர் கேட்டதே உங்க எழுத்துல அது இல்லைங்கறதுக்கு சாட்சி. இங்க "ரிவ்யூவர் தவறாகப் புரிந்துகொண்டுள்ளார்"ங்கற தொனி வந்தா மேல சொன்ன நன்றி எல்லாம் வீணா போயிடும். இப்படி எழுதுங்க:

"இந்த விவரம் எங்கள் உரையில் விடுபட்டிருந்தது. பூக்கும் பருவத்தில் மூன்று வயல்களிலும் தண்ணீர் தேக்கியே வைக்கப்பட்டது. பக்கம் 6, வரி 112 முதல் 116 வரை இதைச் சேர்த்துள்ளோம்."

பாத்தீங்களா, நன்றிங்கற வார்த்தையே இல்ல, இருந்தாலும் மரியாதை இருக்கு. வரி எண்ணை மட்டும் திருத்துன ஃபைல்ல இருந்து எடுங்க, பழைய ஃபைல் எண்ணைப் போட்டுட்டு அவரைத் தேட விடாதீங்க. இன்னொண்ணு, மூணு வயல்லயும் உண்மையிலயே தண்ணி நின்னுச்சான்னு உங்க கள நோட்டைப் பாத்துட்டு எழுதுங்க. ஒரு வயல்ல முறை வராம ரெண்டு நாள் காஞ்சிருந்தா அதையும் எழுதிடுங்க, டெல்டாவுல அது நடக்காத குறுவை இல்ல, ரிவ்யூவர் அதுக்காக தள்ளிட மாட்டார்.

ஏழாவது கமெண்ட்ல இன்னொரு பருவம் போட்டுட்டு வாங்கன்னு கேட்டிருக்கார். இதை நீங்க செய்ய முடியாது, திட்டம் முடிஞ்சுபோச்சு, பணமும் இல்ல. நன்றி சொல்ல நெனக்கறதால எல்லாத்துக்கும் தலையாட்டணும்னு இல்ல. "அடுத்த பருவத்தில் செய்ய உத்தேசித்துள்ளோம்"னு பொய் வாக்குறுதி கொடுக்கறவங்கதான் அதிகம், எடிட்டருக்கு அதெல்லாம் பழக்கம். நேரா சொல்லுங்க: கேட்டது நியாயம், இன்னொரு பருவம் இருந்தா முடிவு வலுவாகும், ஆனா கள வேலை முடிஞ்சுடுச்சு, அதுனால தலைப்புல "ஆறு வயல்கள், ஒரு குறுவைப் பருவம்"னு சேத்திருக்கோம், வரம்புகள் பகுதியில ஒரு பருவத்து மழையும் முறைப் பாசனமும் எவ்வளவு தூரம் இதை பாதிச்சிருக்கலாம்னு ஒரு பத்தி சேத்திருக்கோம். அவர் கேட்டதை அப்படியே தர முடியலன்னாலும் அதுக்குப் பின்னாடி இருந்த கவலைக்கு பதில் சொல்லிட்டீங்க. அதுக்கும் மேல அவர் ஒத்துக்கலன்னா முடிவு எடிட்டர் கையில.

மொத ரிவ்யூவரை மறந்துடாதீங்க. அவர் மூணே கமெண்ட் போட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கார், அவருக்கும் ஒரு வரி நன்றி போதும், ஆனா ரெண்டாவது ஆளுக்கு எழுதுன மாதிரி நீட்டாதீங்க. ரெண்டு பேருக்கும் சரிசமமா நன்றி அளக்கணும்னு ஒரு கூச்சம் நம்ம ஆளுங்களுக்கு உண்டு, தேவையில்ல. அதே மாதிரி "முதல் ரிவ்யூவர் எங்கள் முறையை ஏற்றுக்கொண்டுள்ளார்"னு ஒருத்தரைக் காட்டி இன்னொருத்தருக்கு பதில் சொல்லவும் வேண்டாம்.

இனி பேரு போடறது. அக்னாலெட்ஜ்மெண்ட்ல ஊகிச்ச பேரைப் போடவே கூடாது. பேரு சொல்லி நன்றி போட்டா படிக்கறவங்க அவர் இந்த முடிவுகளை ஒத்துக்கிட்டார்னு எடுத்துப்பாங்க, அதுனாலதான் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் குழுவோட பரிந்துரையில நன்றி பகுதியில பேரு வர்ற எல்லார்கிட்டயும் எழுத்துல அனுமதி வாங்கச் சொல்றாங்க. வேளாண் ஜர்னலுக்கும் அந்தப் பழக்கம் நல்லதுதான். சீனியர் அக்கா வரைவு படிச்சுக் குடுத்திருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு அவங்க பேரைப் போடுங்க. அந்த ஆறு விவசாயிங்களை எப்படிக் குறிப்பிடலாம்னும் அவங்கவங்ககிட்டயே கேட்டுக்குங்க. ரிவ்யூவருக்கு மட்டும் பேரு இல்லாம: "பகுப்பாய்வின் அலகைத் திருத்த உதவிய பெயர் அறியாத ரிவ்யூவருக்கு நன்றி. எஞ்சியுள்ள குறைகள் எங்களுடையவை." எதுக்கு நன்றின்னு இருக்கறதால அவர் படிச்சா தன்னைத்தான்னு தெரிஞ்சுக்குவார், மத்தவங்களுக்குத் தெரியாது. சில ஜர்னல்ல ரிவ்யூவர் தானே கையெழுத்து போட்டு தன் பேரை வெளிப்படுத்துவார், அப்பவும் எடிட்டர் மூலமா கேட்டுட்டுப் போடறதுதான் முறை.

உங்க ஜர்னல், பேப்பர் எழுதுனவங்க பேரையும் மறைக்கிற ஜர்னல்னு உங்க ஃபைல்ல இருக்கற வழிமுறையப் பாத்தா தெரியுது, அதுனால இந்த நன்றிப் பகுதி இப்ப அனுப்புற திருத்தப் படியில இருக்கக் கூடாது, அக்கா பேரும் ஊர் பேரும் இருந்தா நீங்க யாருன்னு தெரிஞ்சுபோகும். தனியா தலைப்புப் பக்க ஃபைல்ல வெச்சு ஏத்துங்க.

பேப்பர் ஏத்துக்கிட்டதும் உங்க மனசுல இருக்கறதை முழுசா சொல்ல ஒரு எடம் கெடைக்கும். எடிட்டருக்கு மூணு வரி மெயில்: ரெண்டாவது ரிவ்யூவரோட மொதல் கருத்தால எங்க முடிவு மாறுச்சு, என்னோட ஆய்வேட்டுல மத்த அத்தியாயத்தையும் அதே மாதிரி திருத்திட்டு இருக்கேன், முடிஞ்சா இதை அவருக்கு அனுப்பி வைங்க. நான் எடிட்டரா இருந்தப்ப இப்படி வர்ற மெயில் ரொம்பக் குறைவு, வந்தா அப்படியே அனுப்பிடுவேன், அனுப்பக் கூடாதுன்னு எந்த விதியும் குறுக்க வராது, ஏன்னா கடிதம் போகும், பேரு போகாது. பேப்பரை ஒதுக்கிட்டாங்கன்னாலும் ஒரு வரி நன்றி அனுப்பலாம், தப்பில்ல, ஆனா அந்த மெயில்லயே மறுபரிசீலனை கேக்காதீங்க. வேற ஜர்னலுக்குப் போறப்ப இந்தத் திருத்தம் எல்லாம் பண்ணிட்டுப் போங்க, சின்ன துறை, அங்கயும் இதே ஆள் கைக்குப் போக நல்ல வாய்ப்பு இருக்கு, போன தடவை சொன்னது அப்படியே இருக்கறதைப் பாத்தா அவர் என்ன எழுதுவார்னு நான் சொல்லவே வேண்டாம்.

கைடு சார் விஷயம். அவர் சொன்ன வரியே வேண்டாம்னு சண்டை போடாதீங்க, அவரும் கூட ஆசிரியர், அவர் ஒப்புதல் இல்லாம லெட்டர் போகாது. மேல இருக்கற அஞ்சு வரிய எழுதிக் காட்டி, "சார், உங்க நன்றிய எல்லாம் ஒண்ணா சேத்து மேல வெச்சிருக்கேன்"னு சொல்லுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவார். தலைப்புல இருந்து மகசூலை எடுக்கறதுதான் அவருக்கு உறுத்தும், அதுக்கு வாய்ல வாதாடாம மேல இருக்கற அந்த ஒரு வரி ஆர் கட்டளைய அவர் முன்னாடியே ஓட்டி, வர்ற இடைவெளியக் காட்டுங்க.